ஒரு வீடு, ஒரு நம்பர்

பட்டாசு ஆபீஸுக்குள் செல்போன் போகாது. பீடியும் தீப்பெட்டியும் போகாத இடத்துக்கு அதற்கு மட்டும் என்ன சலுகை? காலையில் வேனை விட்டு இறங்கியதும் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்துக் கலவை இருக்கும் இடத்தில் இது நியாயமான கட்டுப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி வாசலில் கிடக்கும் ஒரு போனுக்கு, பகல் பதினொன்றரை மணிக்கு, ஆறு இலக்க எண் ஒன்று வர வேண்டும். மகள் கல்லூரியில் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. காரியாபட்டி கடைவீதியில் ஒரு நெட் சென்டரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அம்மா. “தம்பி, அவுக வேலைக்குள்ள இருக்காக, சாயங்காலந்தான் போன எடுப்பாக” என்கிறார். ஆதார் ஓடிபியின் ஆயுள் பத்து நிமிடம்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் என்றதும் வகுப்பறை, புதுச் சிநேகிதம், ராகிங் பயம் என்றுதான் கதைகளில் எழுதியிருக்கிறோம். இப்போது அந்த வாரத்தின் பெரும்பகுதி வேறு இடத்தில் கழிகிறது. கல்லூரி கொடுக்கும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டும், அடையாள அட்டைக்கு விவரம் கொடுக்க வேண்டும், போர்ட்டலுக்குள் நுழைய வேண்டும், கட்டிய பணத்துக்கு ரசீது எடுக்க வேண்டும். காரியாபட்டிப் பிள்ளைகள் எங்கே சேர்ந்தாலும், பக்கத்துப் புல்லூர் பொறியியல் கல்லூரி ஆனாலும், அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரைக் கல்லூரிகள் ஆனாலும், இந்த நான்கும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் சின்ன வேலைகள். ஆனால் நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நான்குக்கும் அடியில் ஒரு செல்போன் நம்பர் இருக்கிறது. அந்த நம்பர் யாருடையது என்பதுதான் சிக்கல்.

அந்தப் பெண்ணுக்கு முத்துலட்சுமி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அப்பா பட்டாசு ஆபீஸ். அம்மா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் காட்டு வேலைக்கும் போகிறார். அண்ணன் பத்தாவது முடித்தபோதே அவனுக்குப் போன் வந்துவிட்டது. இவளுக்குப் பன்னிரண்டாவது முடித்தும் வரவில்லை. பணம் இல்லை என்பதல்ல காரணம், ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு’ என்பதுதான் காரணம். இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதல் வரிசையில் நின்ற மாவட்டம் இது. அந்தத் தேர்ச்சியில் பாதிக்கு மேல் எழுதிச் சேர்த்த பெண் பிள்ளைகளின் கையில் போன் கொடுப்பதற்கு மட்டும் வீடுகள் தயங்குகின்றன. ஆக, வீட்டில் ஒரு நம்பர்தான் எல்லாவற்றுக்கும்: ரேஷன் கார்டு, சிலிண்டர், பள்ளிப் பதிவு, வங்கி, ஆதார்.

அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆதாரில் இருப்பது அந்த நம்பர்கூட இல்லை என்று பிறகுதான் தெரிகிறது. தமிழ்நாட்டில் ஆதார் பதிவு பெரும்பாலும் மக்கள்தொகைப் பதிவேட்டு முகாம்கள் வழியாக நடந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, குழந்தையைத் தூக்கிக் காமிராவுக்குக் காட்டிய காலம். அன்று கொடுத்தது ஏர்செல் நம்பர். தென்மாவட்டங்களில் ஏர்செல் இல்லாத வீடு குறைவு. 2018 தொடக்கத்தில் அந்தக் கம்பெனி படுத்தபோது, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளக் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. மாற்றியவர்களுக்கு நம்பர் பிழைத்தது. ‘போகட்டும், இலவசமா புது சிம் தாரான்’ என்று இருந்துவிட்டவர்களுக்கு நம்பர் போனது. முத்துலட்சுமிக்கு அப்போது பத்து வயது. அந்த நம்பரோடு தன் பெயர் கட்டியிருப்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. கைவிட்ட நம்பர்கள் சில காலம் கழித்து வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்பதை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. அவளுடைய ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போனில் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆதாரில் செல் நம்பரை மாற்ற வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கிறார்கள். அங்கே இன்னொரு முடிச்சு காத்திருக்கும். பதினைந்து வயது முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் புதிதாகப் பதிய வேண்டும் என்பது விதி. பலர் செய்திருக்க மாட்டார்கள். ஐந்து வயதில் வைத்த ரேகை பதினேழில் ஒத்துப்போகாமல் இயந்திரம் கையை விரிக்கும். இரண்டையும் ஒரே வருகையில் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் மாற்றம் பதிவாகச் சில நாட்கள் ஆகும், முதல் வாரம் அதற்குள் ஓடிவிடும். கல்லூரி விண்ணப்பம் போடும் மே மாதத்திலேயே இதைச் செய்திருக்க வேண்டும். மே மாதத்தில் யார் சொன்னார்கள்?

இனி அந்த நம்பரை எங்கிருந்து கொண்டுவருவது? தமிழ்நாட்டில் பன்னிரண்டாவது முடிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பதினேழு வயது. பதினெட்டு ஆகாதவர் பெயரில் சிம் கொடுக்க மாட்டார்கள். கல்லூரி கேட்பது ‘மாணவர் கைபேசி எண்’. சட்டப்படி அந்த மாணவருக்குக் கைபேசி எண் இருக்க முடியாது! படிவத்தை வடிவமைத்தவர்களுக்கு இது தோன்றியிருக்காது. நடைமுறையில் எல்லோரும் செய்வது, அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கி மகளிடம் கொடுப்பது. ஆதாரில் இணைக்கும் நம்பர் அதே ஆளின் பெயரில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால் இந்த ஏற்பாடு ஓடுகிறது. அதிகம் சிந்தித்து எடுத்த முடிவில்லை என்றாலும், அண்ணன் பெயரில் வாங்காமல் அம்மா பெயரில் வாங்குவது நல்லது. அண்ணனுக்குக் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டால் நம்பரும் பின்னாலேயே போகும்.

கல்லூரி மின்னஞ்சலுக்கு வருவோம். பெரும்பாலான கல்லூரிகள் கூகுளின் கல்விச் சேவையில் மாணவருக்கு முகவரி உண்டாக்குகின்றன. பெயரும் சேர்க்கை எண்ணும் கலந்து ஒரு முகவரி, முதல் முறைக்கு மட்டும் ஒரு கடவுச்சொல். அந்தக் கடவுச்சொல் பல இடங்களில் பிறந்த தேதியாகவே இருக்கிறது. பிறந்த தேதி அடையாள அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் தொங்கும். எனவே முதல் நுழைவிலேயே அதை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு; மாற்றாமல் விட்டால் வகுப்பில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அவள் அதை அப்பாவின் போனில் திறக்கிறாள். அந்தப் போனில் ஏற்கெனவே அப்பாவின் ஜிமெயில் இருக்கிறது. போன் வாங்கிய கடைக்காரர் போட்டுக் கொடுத்தது, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கல்லூரி முகவரி இரண்டாவதாகப் போய் உட்காருகிறது. மறுநாள் துறையிலிருந்து ஒரு படிவம் வருகிறது. தொட்டால் You need permission என்கிறது திரை. கல்லூரி நம்மைச் சேர்க்கவில்லையோ என்று அவள் பதறுகிறாள். நடந்தது இவ்வளவுதான்: அந்தப் படிவம் கல்லூரி முகவரிகளுக்கு மட்டும் திறக்கும், போன் அப்பாவின் முகவரியோடு போய் நின்றிருக்கிறது. கல்லூரி முகவரிக்கு மாற்றினால் படிவம் திறக்கும். முதல் வாரத்தில் ‘மெயில் வேலை செய்யல’ என்று வருகிற புகார்களில் கணிசமானவை இந்த வகை. 

இந்த முகவரியை எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் யாராவது முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அதை மூடிவிடும். வங்கிக்கும், டிஜிலாக்கருக்கும், நாளை தேர்வாணையத்துக்கும் கொடுக்க வேண்டியது சொந்த முகவரியை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பூட்டப்படும் கதவுக்குள் சாவிகளையெல்லாம் வைத்துவிட்டு வருகிறார்கள் பிள்ளைகள்.

அடையாள அட்டையில் இரண்டு இடங்களில் பேனா நிற்கும். ஒன்று இரத்த வகை. வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவள் எழுதியதைப் பார்த்து ‘ஓ பாசிட்டிவ்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, நம் ஊரில் அதுதான் அதிகம் என்பதால் பலமுறை தப்பித்தும் விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்து யாரும் இரத்தம் ஏற்றுவதில்லை, கட்டாயம் சோதித்துத்தான் ஏற்றுவார்கள். ஆனாலும் விபத்து என்றால் கொடையாளரைத் தேடி முதலில் பறக்கும் வாட்ஸ்அப் செய்தி அட்டையைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். வெடிவிபத்துச் செய்தி வராத ஆண்டே இல்லாத மாவட்டத்தில் இதைக் குத்துமதிப்பாக எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று பெயர். இங்கேதான் நிதானம் வேண்டும். பள்ளியில் அவள் மா. முத்துலட்சுமி. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் MUTHULAKSHMI M. ஆதாரில், முகாமில் தட்டச்சு செய்தவர் காதில் விழுந்தபடி, Muthulatchumi. இனிஷியல் இல்லை. வங்கிக் கணக்கு ஆதாரைப் பார்த்துத் திறந்தது, அதனால் அதே எழுத்து. கல்லூரி சான்றிதழைப் பார்த்து எழுதுகிறது. மனிதர்கள் படிக்கும்வரை இது பிரச்சினையே இல்லை. தலைமையாசிரியர் ஒரு பார்வையில் ‘எல்லாம் ஒரே பிள்ளதான்’ என்பார். இயந்திரம் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். கல்வி மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் அபார் எண்ணை எடுக்கப் போகும்போது அவள் இரண்டு ஆட்களாகப் பிரிந்து நிற்பாள்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில் பலர் தலைகீழாகப் போகிறார்கள். கல்லூரியில் போய் ‘ஆதார்ல இருக்கிற மாதிரி எழுதுங்க’ என்று கேட்கிறார்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் பட்டச் சான்றிதழ்வரை அந்தப் பிழை போகும். பள்ளிச் சான்றிதழில் எழுத்து மாற்றுவது பள்ளி, கல்வி அலுவலகம், தேர்வுத்துறை என்று நீளும் வேலை. ஆதாரில் பெயரைத் திருத்துவது சுலபம், ஆயுளில் இரண்டு முறை அனுமதிப்பார்கள். பிறந்த தேதிக்கு ஒரே முறைதான். ஆகவே சான்றிதழை வேராக வைத்து, ஆதாரை அதற்கு இணங்கத் திருத்தி, பிறகு வங்கியில் புதுப்பிக்க வேண்டும். இரண்டு வாய்ப்பில் ஒன்றை இப்போது செலவழிக்கிறோம் என்பதால், இனிஷியல் முன்னா பின்னா, நடுவில் இடைவெளியா புள்ளியா என்பதைச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக் கொடுக்க வேண்டும். சென்டர் தம்பி அவசரத்தில் தட்டுவதை நம்பக் கூடாது.

போர்ட்டல் என்று இவர்கள் சொல்வது இரண்டு. ஒன்று கல்லூரியுடையது: வருகை, மதிப்பெண், கட்டணம். இன்னொன்று அரசினுடைய யுமிஸ், umis.tn.gov.in. பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல உயர்கல்வியில் இந்த எண். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், எமிஸ் எண்ணைக் கொடுத்தால் பள்ளிப் பதிவோடு இணைப்பார். காரியாபட்டி வீடுகளுக்குக் கல்லூரிப் போர்ட்டலைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் மாதம் 1000 ரூபாய் இந்த வழியாகத்தான் வரும். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். இதில் ஒரு பின்கதை உண்டு. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம்தான் புதுமைப் பெண்ணாக மாறியது. பெண்ணின் தாலிக்குத் தங்கம் என்று அரசு ஒதுக்கிய பணம், அவள் படிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் என்று ஆனது. தங்கம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது.

அவள் கணக்கு என்பதற்கு மறுபடி அர்த்தம் வேண்டியிருக்கிறது. பள்ளியில் உதவித்தொகைக்காக அம்மாவோடு சேர்த்துத் திறந்த கணக்கு ஒன்று இருக்கும். இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாமல் கிடந்திருக்கும். அதோடு, பாஸ்புக்கில் ஆதார் எண் எழுதியிருப்பதும், அரசுப் பணம் வந்து விழும்படி ஆதாரோடு கணக்கை இணைப்பதும் வேறு வேறு. அரசு ஆதார் எண்ணுக்குத்தான் பணம் அனுப்புகிறது. எந்த வங்கி கடைசியாக அந்த எண்ணோடு தன்னை இணைத்துக்கொண்டதோ அங்கே போகும். இடையில் யாராவது முகாம் போட்டு இன்னொரு வங்கியில் கணக்குத் திறந்திருந்தால் பணம் அங்கே இருக்கும், வீடு இங்கே தேடும். மைஆதார் தளத்தில் Bank Seeding Status என்ற இடத்தில் எந்த வங்கி என்று பார்த்துக்கொள்ளலாம். பார்க்க ஓடிபி வேண்டும். சுற்றிச் சுற்றி அதே போனுக்கு வந்துவிட்டோம்.

ரசீதுக்கு வருகிறேன். முத்துலட்சுமியின் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டியது மதுரையில் இருக்கும் சித்தப்பா. அவருடைய யுபிஐயில் பணம் போய்விட்டது. கல்லூரித் திரையில் Pending. கடைசித் தேதி அன்றுதான். இந்த இடத்தில் ‘எதுக்கும் இன்னொரு வாட்டி அனுப்பிருவோம்’ என்று தோன்றும். அதைச் செய்யக் கூடாது. கணக்கில் கழிந்து கல்லூரிக்குச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லியிருக்கிறது. சித்தப்பாவின் போனில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்க எண் இருக்கும். அதையும் தேதியையும் தொகையையும் எழுதி, மாணவியின் சேர்க்கை எண்ணோடு அலுவலகத்தில் கொடுத்தால், வங்கிப் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்து விடுவார்கள். ‘கட்டியாச்சு’ என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. அதில் சித்தப்பாவின் பெயர் இருக்கிறது, முத்துலட்சுமியின் பெயர் இல்லை.

உண்மையான ரசீதில் அவள் பெயர், சேர்க்கை எண், ரசீது எண், தேதி, எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு என்ற பிரிவு எல்லாம் இருக்கும். ‘கல்விக் கட்டணம்’ தனியாகவும் பேருந்து, முன்வைப்புத்தொகை, மற்றவை தனியாகவும் இருப்பது அவசியம். கல்விக் கடனோ உதவித்தொகையோ கேட்கப் போகும் இடத்தில் எந்தத் தலைப்பு என்றுதான் கேட்பார்கள். முன்வைப்புத்தொகை மூன்று ஆண்டு கழித்துத் திரும்ப வர வேண்டிய பணம். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து மாறினால் கட்டியதைத் திருப்பிக் கேட்கவும் இந்தத் தாள்தான் கையில் இருக்கும். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு, எத்தனை நாளுக்குள் விலகினால் எத்தனை பங்கு திருப்ப வேண்டும் என்று வரையறுத்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொன்னது. அசலைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பதே முறை. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கொடுத்ததற்கும் ஒரு ரசீது கேட்க வேண்டும். கேட்கத் தயங்கும் வீடுகள்தான் அதிகம். சனிக்கிழமைக் கூலியைக் கணக்குப் பார்க்காமல் வாங்காத அப்பா, கல்லூரி அலுவலக ஜன்னலில் கொடுத்த தாளைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு அலைச்சலையும் திட்டித் தீர்க்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் என்று வாழ்கிற ஊரில், ஆளுக்கு ஒரு நம்பர் என்று நினைத்து எழுதிய படிவங்கள் இவை. ஊரை ஒரு தரமாவது வந்து பார்த்திருந்தால் ஓடிபியின் ஆயுளைப் பகல் வேளையில் பத்து நிமிடம் என்று வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. இந்த வாரத்தில் நடப்பது ஒரு வகைப் பாகப்பிரிவினை. அதுவரை வீட்டுக்குள் பொதுவாகக் கிடந்த பெயர், நம்பர், கணக்கு எல்லாவற்றிலும் அவளுடைய பங்கைத் தனியே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது படிவம். ஆசிரியர்கள் சொல்லியும், மேடையில் பேசியும் அசையாத அப்பா, ‘அவ நம்பர் இருந்தாத்தான் பணம் வருமாம்’ என்றதும் சிம் வாங்கச் சம்மதிக்கிறார். நோக்கம் என்னவாக இருந்தால் என்ன, போன் அவள் கைக்கு வந்துவிட்டது.

முழுவதும் வந்துவிட்டதா என்றால் இல்லை. படிவத்தில் ‘பெற்றோர் எண்’ என்று இன்னொரு கட்டம் உண்டு. அப்பா நம்பரை அங்கே எழுதி, தன்னுடையதை மாணவர் கட்டத்தில் எழுத வேண்டும். பலர் இரண்டிலும் அப்பா நம்பரையே எழுதுகிறார்கள், கேட்டால் ‘அதுதான் பாதுகாப்பு’ என்கிறார்கள். பிறகு தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதி பட்டாசு ஆபீஸ் வாசலில் போய் ஒலிக்கும். அவளுக்கு இரவு எட்டு மணிக்குத் தெரியும். கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் மாற்றுவார்கள், யுமிஸில் பொறுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும், மின்னஞ்சலின் மீட்பு எண்ணை அவளே மாற்றலாம். மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றவை தானாக மாறாது.

நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு ஆகிறது. அன்றிலிருந்து அந்த சிம்மை அம்மா பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாற்றலாம். இருவருடைய சம்மதமும் இருவருடைய ஆதாரும் வேண்டும், இருவரும் சேர்ந்து கடைக்குப் போவது நல்லது. அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். “இப்ப என்ன அவசரம், எம்பேருலயே இருக்கட்டும்” என்கிறார் அம்மா. தீபாவளி கழிந்து பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.